வால்வுக்காரருக்கு வரவேண்டிய இரண்டு மாதம்

வால்வுக்காரர் என்றுதான் எல்லாரும் அவரைக் கூப்பிடுவார்கள். சொந்தப் பேர் ஒன்று இருக்கத்தான் செய்கிறது. அது பென்ஷன் புத்தகத்துக்குள் பத்திரமாக இருக்கிறது. வருஷத்துக்கு ஒருமுறை வெளியே எடுத்தால் அதிகம். குடிநீர்த் துறையில் சேர்ந்த நாள் முதல் ஓய்வு பெற்ற நாள் வரை அவருக்கு ஒரே வேலை. விடியுமுன் தெருவில் இறங்கி, சாலையோரத்து இரும்பு மூடியைத் தூக்கி, ஆள் உயரச் சாவியைக் குழிக்குள் விட்டு, வால்வைத் திருகித் தண்ணீர் திறந்துவிடுவது. எந்தத் தெருவுக்கு எத்தனை சுற்று என்பது அவர் கைக்குத் தெரியும், அவருக்குத் தெரியாது. கேட்டால் முழிப்பார், சாவியைக் கையில் கொடுத்தால் சரியாகத் திருகி நிறுத்துவார்.

தண்ணீர் வராத நாளில் திட்டு வாங்குவதற்கென்று ஊருக்கு இருந்த ஒரே ஆளும் அவர்தான். மேலே தொட்டி காலியாக இருக்கும், மோட்டார் எரிந்துபோயிருக்கும், பெரிய குழாய் எங்கோ உடைந்திருக்கும். அதெல்லாம் யார் கண்ணுக்குத் தெரிகிறது? சாவியோடு தெருவில் நிற்கிறவன்தான் தெரிகிறான். அவனை வைத்து வாங்கிவிட்டால் மனசு ஆறிவிடுகிறது. அவர் ஒரு நாளும் எதிர்த்துப் பேசியதில்லை. ஆனால் ஓய்வு பெற்ற அன்று மனசுக்குள் ஒரு முடிவு எடுத்துக்கொண்டார்: கவுண்டருக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் எந்த மனிதரையும் இனி நான் அவசரப்படுத்துவதில்லை, அடைப்பு எங்கேயோ மேலே இருக்கும், பாவம், இவர் என்ன செய்வார்.

அதனால் எங்கே போய் நின்றாலும் அவர் சொல்லும் முதல் வாக்கியம் இதுதான்: "ஒண்ணும் அவசரமில்ல, மெதுவா பாருங்க." பெருந்தன்மையான மனிதர்தான், மறுக்கவில்லை. பெருந்தன்மையை வைத்துக்கொண்டு மளிகைக் கடையில் கால் கிலோ பருப்பு வாங்க முடியாது என்பதுதான் சிக்கல்.

அவர் மனைவி இதற்கு நேரெதிர். அந்த அம்மாள் சிரித்தால் அடுத்த தெருவில் கேட்கும். பேசினால் அதற்கும் அடுத்த தெருவில் கேட்கும். வால்வுக்காரர் திட்டு வாங்கிக்கொண்டு வீடு திரும்பும் நாளில், திட்டியவர்களைப் போலவே பேசிக்காட்டிச் சிரிக்க வைத்துத்தான் அவருக்குச் சோறு போடுவாள். அந்தச் சிரிப்பு இப்போது சில மாதங்களாக வீட்டில் இல்லை. பல் ஒவ்வொன்றாக ஆடி, வலித்து, வீங்கி, கடைசியில் பல் டாக்டர் மிச்சம் இருந்ததையும் பிடுங்கிவிட்டார். அன்றிலிருந்து அவள் வாய்க்கு முன்னால் வலது கை வந்து நின்றுவிட்டது. கடைக்குப் போனாலும் கை, பக்கத்து வீட்டுக்காரி பேசினாலும் கை. குழைந்த சோற்றைக்கூடச் சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்துதான் சாப்பிட்டாள். அவள் முதுகைப் பார்த்துக்கொண்டு சாப்பிட வேண்டியிருந்தது அவருக்குத் தாங்கவில்லை.

புண் ஆறியதும் டிசம்பர் தொடக்கத்தில் பல்செட்டுக்கு அளவு எடுத்தார்கள். கையிலிருந்த சேமிப்பை வழித்துப் பாதிப் பணம் கட்டியாகிவிட்டது. மீதிப் பாதியை டிசம்பர், ஜனவரி பென்ஷனில் கட்டி முடித்துவிடலாம் என்று கணக்கு. டாக்டர் அப்போதே எச்சரித்தார்.

"ஈறு சுருங்கிக்கிட்டே வரும்மா. ரொம்ப நாள் விட்டீங்கன்னா இந்த அளவு பொருந்தாது. மறுபடி முதல்லேர்ந்து அளவு எடுக்கணும், அதுக்குத் தனியா பணம் ஆகும்."

"விடவே மாட்டோம் டாக்டர்," என்றார் வால்வுக்காரர். பென்ஷன் என்பது சூரியன் உதிப்பது போல மாதக் கடைசியில் தானாக வந்து கணக்கில் விழுகிற சமாச்சாரம் என்பது அவர் எண்ணம். அதுவரைக்கும் அப்படித்தான் விழுந்துகொண்டும் இருந்தது.

டிசம்பர் கடைசி நாளில் விழவில்லை.

ஏன் விழவில்லை என்று சொல்ல வேண்டுமானால் நவம்பருக்குப் போக வேண்டும். நவம்பர் மாதம் என்றால் வங்கியில் பென்ஷன்காரர்கள் எல்லாரும் தாங்கள் உயிரோடு இருப்பதை நிரூபிக்கும் மாதம். உயிர்ச்சான்று கொடுக்காவிட்டால் டிசம்பரிலிருந்து பென்ஷன் நின்றுவிடும். விரலை வைத்தால் படித்துக்கொள்ளும் சின்ன இயந்திரம் ஒன்று மேஜையில் இருந்தது. கடைசி வாரத்தில் போன வால்வுக்காரர் பத்து விரலையும் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தார். இத்தனை வருஷம் இரும்புச் சாவி தேய்த்த விரலில் ரேகை என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் மிச்சமில்லை. இயந்திரம் உதட்டைப் பிதுக்கிவிட்டது. அப்போது பென்ஷன் மேஜையில் இருந்த குமாஸ்தா அம்மா, "பரவால்ல, பேப்பர்லயே குடுங்க," என்று படிவம் கொடுத்து, எதிரில் வைத்துக் கையெழுத்து வாங்கி, தானும் கையெழுத்துப் போட்டு, தேதி முத்திரையை ஓங்கிக் குத்தினாள்.

அந்த நேரம் பார்த்து, மேஜைக்குப் பின்னால் சுவரோடு போகும் குழாயில் ஓர் இணைப்பு தெறித்துக்கொண்டது. தண்ணீர் பீய்ச்சி அடித்தது. மேஜை, நாற்காலி, அன்றைக்கு வாங்கி வைத்த காகிதம் எல்லாம் நனைந்தன. வங்கி மொத்தமும் எழுந்து நின்று கத்தியதே தவிர, தண்ணீரை எங்கே மூடுவது என்று ஒருவருக்கும் தெரியவில்லை. வால்வுக்காரர் குழாயைக் கண்ணால் பிடித்துக்கொண்டே பின்கட்டுக்குப் போய், பழைய சாக்கு மூட்டைகளுக்கு அடியில் ஒளிந்திருந்த வால்வைக் கண்டுபிடித்து இறுக்கி மூடினார். திரும்பி வந்தபோது சட்டை உடம்போடு ஒட்டிக்கொண்டிருந்தது. நீண்ட நாளைக்குப் பிறகு அவருக்கு ரொம்பச் சந்தோஷமாக இருந்தது.

நனைந்த காகிதங்களை அள்ளிக்கொண்டிருந்த குமாஸ்தா அம்மா, "ஐயா, உயிர்ச்சான்று வாங்கினதுக்கு ரசீது தரணும், இருங்க," என்றாள்.

"அட, நீங்க இருக்கற இருப்புல ரசீது எதுக்கும்மா. உங்கள நம்பாமயா?" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார்.

ரசீது கேட்டால் சந்தேகப்பட்ட மாதிரி ஆகிவிடும் என்பது அவர் நினைப்பு. சந்தேகத்துக்கும் ரசீதுக்கும் சம்பந்தமே இல்லை. கொடுக்க வேண்டியது வங்கியின் கடமை, வாங்கி வைக்க வேண்டியது நம் கடமை. இதை அவருக்கு எடுத்துச் சொல்ல அன்றைக்கு அங்கே ஆள் இல்லை. சொல்லக்கூடிய ஆள் வீட்டில் சுவரைப் பார்த்து உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

டிசம்பரில் அந்தக் குமாஸ்தா அம்மாவுக்கு மாற்றலாகிவிட்டது. அவள் இடத்துக்குக் கண்ணாடி போட்ட ஒரு இளைஞர் வந்தார். ஜனவரி முதல் வாரத்தில் வால்வுக்காரர் பாஸ்புக்கை இயந்திரத்தில் விட்டு எடுத்துப் பார்த்துவிட்டு அவரிடம் போனார்.

"தம்பி, பென்ஷன் வரலபோல இருக்கு."

"பென்ஷன் எல்லாம் எங்க தலைமை ஆபீஸ் பென்ஷன் மையத்துலேர்ந்து போடுறாங்க ஐயா. இங்க எங்க கையில இல்ல. ரெண்டு நாள் பாருங்க."

"அதுக்கென்ன, ஒண்ணும் அவசரமில்ல. மெதுவா பாருங்க."

இளைஞர் அதை அப்படியே நம்பினார். அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. மேஜையில் குவிந்து கிடக்கும் வேலையில், அவசரமில்லை என்று சொல்லிவிட்டுப் போகிறவரின் வேலையை முதலில் எடுக்கும் குமாஸ்தா எந்த ஊரிலும் இன்னும் பிறக்கவில்லை.

ஜனவரிக் கடைசியிலும் பணம் வரவில்லை. மளிகைக் கடையில் கடன் ஏறியது. வெளியூரில் இருந்த மகள் கொஞ்சம் அனுப்பினாள். அவளுக்கும் இரண்டு பிள்ளைகள், அவளிடம் எவ்வளவு கேட்பது. பிப்ரவரி நடுவில் மூன்றாம் முறையாகவோ நான்காம் முறையாகவோ போனபோதுதான் குமாஸ்தா கணினியில் அவர் கணக்கைத் திறந்து முழுசாகப் பார்த்தார்.

"ஐயா, நீங்க உயிர்ச்சான்றே குடுக்கலயே. அதான் நின்னிருக்கு. சிஸ்டத்தைப் பொறுத்தவரை நீங்க உயிரோட இருக்கீங்களான்னே தெரியல."

"குடுத்தேனே தம்பி. நவம்பர்லயே குடுத்தேனே."

"ரசீது இருக்குங்களா?"

குமாஸ்தா கோப்பைப் புரட்டிப் பார்த்தார், இல்லை. புதிதாக ஒரு சான்று எழுதி வாங்கிக் கணினியில் ஏற்றினார். பிப்ரவரிக் கடைசியில் அந்த மாதப் பென்ஷன் வந்தது, மளிகைக் கடையோடு போயிற்று. நின்றுபோன இரண்டு மாதப் பணம் மட்டும் கிணற்றில் போட்ட கல்லாகக் கிடந்தது. நிலுவையைத் தனியாகப் போட வேண்டுமாம். அதற்கு மையத்துக்கு எழுத வேண்டுமாம். எழுத வேண்டியவருக்கு நேரமில்லையாம்.

மார்ச்சில் பல் டாக்டரிடமிருந்து போன் வந்தது. செட்டு தயாராகி வந்து உட்கார்ந்திருக்கிறது. ஏப்ரல் நடுப்பகுதி வரைக்கும் பார்க்கலாம், அதற்கு மேல் ஈறில் சரியாக உட்காராது, கட்டின பணமும் வீணாகிவிடும் என்றார். அதைக் கேட்டதும் மனைவி சேலையை மாற்றிக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

"நீ எதுக்கு அலையுற? நான் பாத்துக்கறேன்."

"நீங்க எப்படிப் பாக்குறீங்கன்னு நானும் பாக்குறேன்."

பார்த்தாள். கவுண்டருக்கு இரண்டடி பின்னால், வாயைக் கையால் மூடிக்கொண்டு நின்று பார்த்தாள். கணவர் குனிந்து, குரலைத் தாழ்த்தி, ஏதோ தான்தான் கடன் கேட்க வந்தவர் மாதிரி, "அந்த ரெண்டு மாசம் தம்பி... ஒண்ணும் அவசரமில்ல..." என்று சொன்னதைத் தன் காதால் கேட்டாள். அவள் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. விறுவிறுவென்று முன்னால் நடந்து வீடு வந்து சேர்ந்தாள். கதவைச் சாத்தியபின் கையை இறக்கினாள்.

"அவசரமில்லயா? யாருக்கு அவசரமில்ல?"

"இல்லம்மா, அந்தப் பையன் பாவம்..."

"நான் பாவமில்லயா?"

பல் இல்லாத வாயிலிருந்து அந்தக் கேள்வி காற்றாகத்தான் வந்தது. வால்வுக்காரர் தலையைக் குனிந்துகொண்டார். ஊர் முழுக்கத் தண்ணீர் கேட்டுத் திட்டியபோதுகூட அவர் அப்படிக் குனிந்ததில்லை.

சாயங்காலமே இருவரும் டைப்பிஸ்ட் அம்மா வீட்டுக்குப் போனார்கள். அந்த அம்மாள் நீதிமன்றத்தில் தட்டச்சு செய்து ஓய்வு பெற்றவள், பென்ஷன்காரர் சங்கத்துக்குச் செயலாளர். முன்னறையில் ஒரு கணினி, ஒரு பிரிண்டர், எப்போதும் ஆறிப்போன ஒரு டம்ளர் தேநீர். விஷயத்தைக் கேட்டுக்கொண்டே தட்ட ஆரம்பித்துவிட்டாள்.

"பொருள்: டிசம்பர், ஜனவரி மாத ஓய்வூதிய நிலுவையைத் தாமத வட்டியுடன் வரவு வைக்கக் கோருதல்," என்று படித்தாள்.

"கோருதல்னா அதட்டுற மாதிரி இருக்கே. வேற பணிவா ஏதாவது?" என்றார் வால்வுக்காரர்.

"அண்ணே, இது உங்க பணம். சம்பந்தி வீட்டுல பொண்ணு கேக்கல."

"சரி, அந்த வட்டியாவது வேண்டாமே. முதலைக் குடுத்தாப் போதும். வட்டி கேட்டா மரியாதையா இருக்காது."

"வட்டிய எடுத்தா நான் எந்திரிச்சுப் போயிடுவேன்," என்றாள் மனைவி கைக்குப் பின்னாலிருந்து.

டைப்பிஸ்ட் அம்மா நாற்காலியைத் திருப்பி அவரைப் பார்த்து உட்கார்ந்தாள். "விதியே இருக்குண்ணே. பென்ஷனோ நிலுவையோ, வரவேண்டிய தேதிக்கு மேல வங்கி தாமதம் பண்ணினா, வருஷத்துக்கு எட்டு சதவீதம் வங்கிதான் தன் கைலேர்ந்து போடணும். அதுவும் நாம கேக்காமலே, நிலுவை போடுற அன்னிக்கே சேத்துப் போடணும். கேக்க வச்சதே அவங்க தப்பு."

"எவ்வளவு வரும்?"

"நானூறு, ஐநூறு வரலாம்."

"இதுக்கா இவ்வளவு?"

"தொகை சின்னதுதான். ஆனா வட்டின்னு எழுதினாத்தான் தாமதம் யாரோடதுன்னு அவங்க தேடிப் பாத்தாகணும். வெறும் நிலுவைன்னா என்னிக்கோ ஒருநாள் போட்டுட்டு முடிச்சிடுவாங்க." அவள் மறுபடி கணினிப் பக்கம் திரும்பினாள். "நவம்பர்ல நேர்ல வந்து சான்று குடுத்தது, ரெண்டு மாசம் வராதது, எத்தன தடவ வந்து கேட்டது, எல்லாம் எழுதிட்டேன். ஒரு மாசத்துக்குள்ள சரியான பதில் வரலன்னா மேல குறைதீர்ப்பு அதிகாரிகிட்டப் போவோம்னு கடைசியில ஒரு வரி. கையெழுத்துப் போடுங்க."

வால்வுக்காரர் 'தயவுகூர்ந்து' என்ற சொல்லை எங்கேயாவது சேர்க்க முடியுமா என்று கேட்டார். ஒரு இடத்தில் சேர்த்துக் கொடுத்தாள். அதற்கு மேல் மறுத்துவிட்டாள். இரண்டு பிரதி எடுத்து, ஒன்றில் வங்கியின் தேதி முத்திரை வாங்கி வரச் சொல்லி அனுப்பினாள்.

மறுநாள் அவர் போய்க் கடிதத்தைக் கொடுத்துவிட்டு வந்தார். பிரதியில் முத்திரை இல்லை.

"கூட்டமா இருந்துச்சு," என்றார்.

மனைவி வாசலைக் காட்டினாள். அவர் செருப்பைக் கழற்றாமலே திரும்பிப் போய் முத்திரையோடு வந்தார். முத்திரை கேட்டதற்கு யாரும் கோபப்படவில்லை என்பது அவருக்கே ஆச்சரியமாக இருந்தது.

ஏப்ரல் பிறந்த கையோடு பதில் வந்தது. வங்கியின் பெயர் அச்சடித்த தாள், கீழே மேனேஜரம்மாவின் கையெழுத்து. நிலுவைக்கு மையத்துக்குப் பரிந்துரை செய்யப்பட்டுள்ளது, வரிசைப்படி வரவு வைக்கப்படும். எப்போது என்று இல்லை. அடுத்த வரி இது: 'ஓய்வூதியர் உயிர்ச்சான்றைத் தாமதமாகப் பிப்ரவரி மாதத்தில்தான் சமர்ப்பித்துள்ளபடியால், வட்டி வழங்க இயலாது.'

வால்வுக்காரர் அந்த வரியை வாசித்தார். மறுபடி வாசித்தார். தாளைக் கட்டிலில் வைத்துவிட்டு எழுந்து ஜன்னலருகே போய் நின்றார்.

"என்னங்க?"

"தாமதமாம்," என்றார். "நான் தாமதமாம்."

மழையில், காய்ச்சலில், தம்பி செத்த மறுநாளில்கூட நேரத்துக்குப் போய்த் தண்ணீர் திறந்தவர். தண்ணீர் இல்லை என்று அவரைத் திட்டியிருக்கிறார்கள். நேரத்துக்கு வரவில்லை என்று எவரும் சொன்னதில்லை. இப்போது அச்சடித்த தாளில், கையெழுத்தும் போட்டு, தாமதம் என்று எழுதி வந்துவிட்டது. பணம் போனபோது வராத கோபம் அவருக்கு அப்போதுதான் வந்தது.

மனைவி தாளை எடுத்துப் பார்த்தாள். "நீங்க சான்று குடுத்துட்டு வந்த அன்னிக்கு, சட்ட முழுக்க நனைஞ்சு வந்தீங்க. மழையே இல்ல. நான்கூட எந்தத் தெருவுல திறந்து விட்டுட்டு வர்றீங்கன்னு கேட்டேன்."

"பேங்குல குழாய் தெறிச்சிடுச்சு."

"அப்ப உங்க பேப்பர்?"

"எல்லாருதும் நனைஞ்சுது. அந்தம்மா உதறப் போச்சு. நான்தான் சொன்னேன், உதறாதம்மா, கிழிஞ்சிரும், ஒண்ணோட ஒண்ணு ஒட்டாம ஃபேனுக்குக் கீழ விரிச்சுப் போடுன்னு. அதுவும் உள்ள இருந்த இரும்பு பீரோ மேல..." அவர் நிறுத்தினார்.

"மேல?"

"பீரோ மேல விரிச்சுப் போட்டுச்சு," என்று மெதுவாகச் சொன்னார். "அந்தம்மாவ அடுத்த வாரமே மாத்திட்டாங்க."

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அவர் சட்டையைத் தேடினார்; அதற்குள் அவள் செருப்பைப் போட்டிருந்தாள்.

மேனேஜரம்மா ஜனவரியில்தான் அந்தக் கிளைக்கு வந்தவள். மேஜையில் இரண்டு போன், இரண்டும் அடித்துக்கொண்டிருந்தன. வால்வுக்காரர் அறை வாசலில் நின்று உள்ளே போகலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தபோது, மனைவி அவரைத் தாண்டி உள்ளே போய்க் கடிதத்தை மேஜையில் விரித்தாள். அப்போது அவளுடைய வலது கை வாயருகே இல்லை. அந்த வரியின் மேல் இருந்தது.

"இது பொய்ம்மா," என்றாள். பல் இல்லாத வாயைத் திறந்து, மறைக்காமல், அந்த அறையிலும் வெளியே வரிசையிலும் நின்ற அத்தனை பேருக்கும் கேட்கும்படி சொன்னாள். "இவரு நவம்பர்லயே குடுத்தாரு. உங்க குழாய மூடிக் குடுத்துட்டுத்தான் வந்தாரு."

மேனேஜரம்மா நிமிர்ந்து பார்த்தாள். "உக்காருங்கம்மா. எந்தக் குழாய்?"

மனைவி திரும்பிக் கணவரைப் பார்த்தாள். மீதியை நீங்கள் சொல்ல வேண்டும் என்ற பார்வை அது. வால்வுக்காரர் உள்ளே வந்தார். நடந்ததைச் சொன்னார். சொல்லி முடித்ததும் பழக்கத்தில் நாக்கு அந்தப் பழைய வாக்கியத்துக்கே போயிற்று. பாதியில் பிடித்து நிறுத்தினார்.

"அவசரம்மா," என்றார். "கொஞ்சம் அவசரமா பாக்கணும். இவளுக்குப் பல்லு கட்டியாகணும். அப்புறம், நான் லேட்டுன்னு எழுதியிருக்கீங்க. அதையும் பாக்கணும்."

இதைச் சொல்லி முடிப்பதற்குள் அவருக்கு நெற்றியெல்லாம் வியர்த்துவிட்டது. ஆனால் கூரை ஒன்றும் இடிந்து விழவில்லை. மேனேஜரம்மா அடித்துக்கொண்டிருந்த போனை எடுத்துக் கவிழ்த்து வைத்துவிட்டு எழுந்தாள்.

பழைய கோப்புகள் இருந்த உள்ளறையில் அந்த இரும்பு பீரோ நின்றது. அதன் மேல் சுருட்டிய காலண்டர்கள், உடைந்த நாற்காலிக் கை, யாரோ வைத்து மறந்த தோரணத் துணி. கண்ணாடி போட்ட குமாஸ்தா ஸ்டூல் போட்டு ஏறினார். ஒவ்வொன்றாக எடுத்துக் கீழே கொடுத்தார். பிறகு அவர் கை நின்றுவிட்டது.

"மேடம்," என்றார்.

நனைந்து காய்ந்து அப்பளம் மாதிரி வளைந்திருந்த தாள்களைத் தூசியோடு இறக்கினார். ஒன்றோடு ஒன்று ஒட்டவில்லை; வால்வுக்காரர் சொன்னபடி விரித்துத்தான் போட்டிருந்தார்கள். மை கலங்கியிருந்தாலும் நவம்பர் மாத முத்திரை எல்லாவற்றிலும் தெரிந்தது. மொத்தம் பதினொன்று. நான்காவது தாளில் அவருடைய சொந்தப் பேரும், கீழே கோணலாக அவர் கையெழுத்தும் இருந்தன.

குமாஸ்தா அவர் முகத்தைப் பார்க்க முடியாமல் நின்றார். "ஐயா, நான் நீங்க குடுக்கவே இல்லன்னு..."

"நீ என்னப்பா செய்வ, நீ வரும்போதே அடைப்பு மேல இருந்துச்சு," என்றார் வால்வுக்காரர். சொல்லிவிட்டு, மனைவி முறைப்பதைப் பார்த்து, "ஆனா நீயும் ரெண்டு மாசம் முன்னாடியே தேடியிருக்கலாம்," என்றும் சேர்த்துக்கொண்டார்.

மேனேஜரம்மா நின்றபடியே பேர்களை வாசித்தாள். சிலர் அவரைப் போலவே நடையாய் நடந்து, மறுபடி சான்று கொடுத்து, நிலுவைக்குக் காத்திருந்தவர்கள். இரண்டு பேர் அதன் பிறகு வங்கிப் பக்கம் வரவே இல்லை; ஒருவர் படுத்த படுக்கை, இன்னொருவரைப் பற்றித் தெரியவில்லை. அந்த இரண்டு வீட்டுக்கும் அப்போதே போன் போடச் சொன்னாள். பதினொரு தாளையும் ஸ்கேன் செய்து, தவறு கிளையுடையது என்று எழுதி மையத்துக்கு அனுப்பினாள். பிறகு மையத்தை போனில் பிடித்து, அவர்கள் அடுத்த மாதம் என்று இழுத்தபோது, "எங்க தப்பால நின்ன பணம் சார், வரிசையில நிக்க வேண்டியது இல்ல. நிலுவையும் வட்டியும் ஒரே நாள்ல போகணும்," என்று கறாராகச் சொன்னாள். வால்வுக்காரர் அதை வாய் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தார். மரியாதையாகவும் பேசலாம், அவசரப்படுத்தவும் செய்யலாம் என்பது அவருக்குப் புதிய செய்தி.

கிளம்பும்போது கதவருகே தயங்கினார். "அம்மா, அந்தக் கடிதம்."

"அத கிழிச்சுப் போட்டுடுங்க ஐயா. வேற எழுதித் தர்றேன்."

அங்கேயே உட்காரவைத்து எழுதித் தந்தாள். உயிர்ச்சான்று நவம்பரில் உரிய காலத்தில் சமர்ப்பிக்கப்பட்டது, தாமதம் வங்கியினுடையது, நிலுவை வட்டியுடன் வரவு வைக்கப்படும், வருந்துகிறோம். வால்வுக்காரர் முதல் வரியை மட்டும் திரும்பத் திரும்ப வாசித்தார். வழியில் ஒரு கடை முன்னால் நின்று வெளிச்சத்தில் இன்னொரு தடவை வாசித்தார். மனைவி காத்து நின்றாள்.

அடுத்த வாரம் பாஸ்புக்கில் இரண்டு மாதப் பணம் ஏறியிருந்தது. அதற்குக் கீழே தனி வரியில் சின்னதாக வட்டி. மற்ற பத்துப் பேருக்கும் வந்துவிட்டதாக டைப்பிஸ்ட் அம்மா சொன்னாள். படுக்கையில் இருந்தவரின் தாளில் கையெழுத்து கலங்கிப்போயிருந்ததால், கண்ணாடி போட்ட குமாஸ்தாவே நேரில் அவர் வீட்டுக்குப் போய்ப் புதுச் சான்று வாங்கி வந்தாராம். பல் டாக்டர் செட்டை ஈறில் பொருத்திப் பார்த்து, அங்கே கொஞ்சம் இங்கே கொஞ்சம் தேய்த்து, "நல்லவேளை, சரியா உக்காந்துடுச்சு," என்றார். மீதிப் பணத்தை எண்ணிக் கொடுத்துவிட்டு வால்வுக்காரர் நகராமல் நின்றார். என்ன என்று டாக்டர் கேட்டார். ரசீது வேண்டும் என்றார். மனைவி புதுப் பல்லை நாக்கால் தடவிக்கொண்டிருந்ததால் அப்போது சிரிக்க முடியவில்லை.

முதல் சில வாரம் பல் குத்தியது, பேச்சு குழறியது. கை பழக்கத்தில் வாய்க்குப் போய்ப் போய்த் திரும்பியது. பிறகு ஒருநாள் சாப்பிடும்போது அவள் சுவர்ப் பக்கம் திரும்பவில்லை. அவர் இன்னொரு கரண்டி சோறு போட்டுக்கொண்டார்.

மறுபடி நவம்பர் வந்தது. வங்கியில் அதே கூட்டம், அதே சின்ன இயந்திரம். வால்வுக்காரர் பத்து விரலையும் வைத்துப் பார்த்தார். இந்த வருஷமும் அதற்கு அவரைத் தெரியவில்லை. கண்ணாடி போட்ட குமாஸ்தா படிவத்தை வாங்கி, கையெழுத்துப் பார்த்து, முத்திரை குத்தி, அங்கேயே கணினியில் ஏற்றினார்.

"முடிஞ்சுது ஐயா. நீங்க போகலாம்."

வால்வுக்காரர் போகவில்லை. தேய்ந்த உள்ளங்கையைக் கவுண்டருக்கு மேல் நீட்டினார்.

"ரசீது தம்பி."

"ஒரு நிமிஷம், அச்சாகி வரணும். அவசரமா ஐயா?"

"ஆமா," என்றார் வால்வுக்காரர். "அவசரம்தான்."

பின்னால் நின்றிருந்த அவர் மனைவி சிரித்தாள். அடுத்த தெருவில் கேட்டதோ இல்லையோ, வங்கியில் இருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். அவள் கையை எடுத்து வாயை மூடவில்லை.